வீட்டிலிருந்து வேலை: யாருக்குத் தகுதி என்ற ஆவணத்தை எழுதும் விதம்

கேள்வி: கோவையில் 140 பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். யார் யாருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் உண்டு என்று ஒரு பாலிசி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கோப், எக்ஸப்ஷன், ரிவ்யூ டேட் மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டுமாம். நெட்டில் கிடைக்கும் மாதிரிகள் எல்லாம் பொதுப்படையாக இருக்கின்றன. உண்மையில் எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் எழுத வேண்டியது ஸ்கோப் பத்தி அல்ல, ஒரு பட்டியல். உங்கள் கம்பெனியில் உள்ள வேலைகளை (ஆட்களை அல்ல) வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் அதிகபட்சம் எத்தனை நாள் வெளியிலிருந்து செய்யலாம், ஏன் அவ்வளவுதான் என்று இரண்டு கட்டம் போடுங்கள். 140 பேர் உள்ள இடத்தில் வேலை வகைகள் இருபதைத் தாண்டாது. இந்தப் பட்டியல்தான் பாலிசியின் முதுகெலும்பு. மற்றப் பத்திகள் இதைச் சுற்றித்தான் நிற்கும். பட்டியல் இல்லாமல் “வேலையின் தன்மைக்கேற்ப மேலாளர் முடிவு செய்வார்” என்று எழுதினால், ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு மூன்று நாளும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமலும் போகும். அடுத்த மாதமே அந்தப் புகார் உங்கள் மேஜைக்கு வரும்.

பட்டியல் போடும்போது எல்லாரும் வழுக்கும் இடம், நேரத்தைக் கணக்கிடுவது. அக்கவுண்ட்ஸ் பிரிவை எடுத்துக்கொள்வோம். வாரம் 45 மணி நேர வேலையில், அலுவலகத்தில் இருந்தே தீர வேண்டிய வேலைகள் என்னென்ன? கூரியரில் வரும் ஒரிஜினல் பில்லை வாங்கிச் சரிபார்த்து வைப்பது, தினம் இருபது நிமிடம். செக்கில் கையெழுத்து வாங்கி பேங்குக்கு அனுப்புவது, வாரம் இரண்டு முறை. பெட்டகத்தில் இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை எடுத்து ரிட்டர்ன் போடுவது, மாதத்தில் சில நாள். மொத்தம் கூட்டினால் வாரத்துக்கு ஆறு மணி நேரம்கூட வராது. உடனே “அக்கவுண்ட்ஸ்: நான்கு நாள் வீட்டிலிருந்து” என்று எழுதத் தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது எத்தனை மணி நேரம் என்பதல்ல, எத்தனை வெவ்வேறு நாள்களில் அந்த வேலை விழுகிறது என்பது. கூரியர் தினமும் வருகிறது. அப்படியானால் இப்போதுள்ள நிலையில் அந்த வேலைக்கு வெளியிலிருந்து செய்யக்கூடிய நாள் பூஜ்யம்.

இதற்கு மாற்று இருக்கிறது. கூரியரை ரிசப்ஷனில் ஒரு ரெஜிஸ்டரில் பதிந்து வாங்கி வைத்து, அக்கவுண்ட்ஸ்காரர் செவ்வாய், வெள்ளி மட்டும் எடுத்துக்கொள்கிறார். செக் வேலையும் அதே இரண்டு நாளுக்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அலுவலக நாள் இரண்டு, வெளிநாள் மூன்று. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கான 20-ஆம் தேதியை ஒட்டிய நாள்களில் டோக்கனைப் பயன்படுத்தும் பொறுப்புள்ள ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று காரணக் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பாலிசி போட்ட பிறகு வேலையை மாற்றியமைப்பதைவிட, மாற்றியமைத்த பிறகு எண்ணை எழுதுவது நல்லது. ஒருமுறை “0 நாள்” என்று அச்சில் வந்துவிட்டால் அந்தப் பிரிவுத் தலைவருக்கு வேலையை ஒழுங்குபடுத்தவே தோன்றாது.

காரணக் கட்டத்தில் வர வேண்டிய இன்னொன்று கஸ்டமர் ஒப்பந்தம். வெளிநாட்டுக் கஸ்டமருக்கு வேலை செய்யும் டீம்களின் ஒப்பந்தங்களை எடுத்து, வேலை நடக்கும் இடம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, குறிப்பிட்ட ஐ.பி. முகவரியிலிருந்து மட்டும்தான் உள்ளே நுழையலாமா, கேமரா ஃபோன் தடை உண்டா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இவை மூல ஒப்பந்தத்தில் இருக்காது, பின்னிணைப்பாக வரும் பாதுகாப்பு ஷெட்யூலில் இருக்கும். ஒப்பந்தத்தை மட்டும் படித்துவிட்டுப் பச்சைக்கொடி காட்டுவதால்தான் ஆடிட்டில் மாட்டுகிறார்கள். அப்படி இருந்தால் அந்த டீமுக்கு “கஸ்டமரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வரும்வரை 0” என்று எழுதுங்கள். டெலிவரி மேனேஜர் ஃபோனில் கேட்டுச் சொன்னது ஒப்புதல் ஆகாது.

இனி ஸ்கோப். இதில் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: எந்த ஆட்கள், எந்த இடம், எந்த வகை ஏற்பாடு.

ஆட்களில் நிரந்தரப் பணியாளர் சிக்கலில்லை. ப்ரொபேஷனில் இருப்பவர்களை விலக்கி வைப்பது பல கம்பெனிகளின் வழக்கம். வைக்கலாம், ஆனால் “பணி உறுதி செய்யப்படும்வரை” என்று எழுதாதீர்கள். கன்ஃபர்மேஷன் லெட்டரை மேனேஜர் மூன்று மாதம் தாமதித்தால், தப்பு அவருடையது, தகுதி போவது பணியாளருக்கு. “சேர்ந்த நாளிலிருந்து 90 காலண்டர் நாள்” என்று நாளைச் சொல்லிவிடுங்கள். “சிறப்பாகச் செயல்படுபவர்களுக்கு மட்டும்” என்ற வரியும் அதே ரகம். எழுத்தில் கொடுக்கப்பட்ட செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் நடப்பில் இருப்பவர் தகுதியில்லாதவர் என்று எழுதினால் அதைச் சரிபார்க்க முடியும். மேனேஜரின் மனநிலையைச் சரிபார்க்க முடியாது.

ஒப்பந்தக்காரர் மூலம் வரும் பணியாளர்களை அப்படியே உள்ளே சேர்த்துவிடாதீர்கள். அவர்களுக்கு எங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்ற அனுமதியை உங்கள் மேனேஜர் நேரடியாகக் கொடுத்தால், அவர்களைக் கட்டுப்படுத்தி மேற்பார்வை செய்வது நீங்கள்தான் என்பதற்கு அதுவே சான்றாகக் காட்டப்படும். பெயரளவு ஒப்பந்தமா, உண்மையான ஒப்பந்தமா என்ற வழக்குகளில் பார்க்கப்படும் முக்கிய விஷயம் அந்த மேற்பார்வைதான். “ஒப்பந்தக்காரரின் பணியாளர்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது, அவர்கள் பணியிடம் ஒப்பந்தக்காரருடன் செய்த வேலை ஒப்பந்தத்தின்படி அமையும்” என்று ஒரே வரி போதும். அந்த வேலை ஒப்பந்தத்தில் லேப்டாப், வி.பி.என். பற்றிய நிபந்தனைகளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் என்பதில் “வீடு” என்று மட்டும் எழுதினால் போதாது. பணியாளர் எச்.ஆரிடம் பதிவு செய்த ஒரு முகவரி, அது தமிழ்நாட்டுக்குள், என்று வரையறுங்கள். வேறு மாநிலம் என்றால் தொழில் வரி மாறுகிறது. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது. கர்நாடகத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து மாநில அரசுக்குக் கட்டுவது. ஒருவர் பெங்களூரில் எட்டு மாதம் உட்கார்ந்து வேலை செய்வது பேரோலுக்குத் தெரியாமலே போனால், பிறகு பழைய மாதங்களுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிவரும். ஆகவே “வேறு மாநிலத்தில் தொடர்ச்சியாக 30 நாளுக்கு மேல் என்றால் பேரோல் பிரிவின் முன் ஒப்புதல்” என்று வையுங்கள்.

வெளிநாட்டை ஸ்கோப்பிலேயே அடைத்துவிடுங்கள், எக்ஸப்ஷனுக்கே விடாதீர்கள் என்பது என் கருத்து. “183 நாளுக்குள் இருந்தால் அங்கே வரி இல்லை” என்ற பேச்சு எல்லா ஆபீஸிலும் உலவுகிறது. இந்தியா செய்துள்ள இரட்டை வரி ஒப்பந்தங்களில் அந்த விலக்கு பொதுவாக மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தால்தான் கிடைக்கும்: நாள் எண்ணிக்கை, சம்பளம் தருபவர் அந்த நாட்டவராக இல்லாதது, அந்த நாட்டிலுள்ள உங்கள் நிலையான தொழிலிடம் அந்தச் சம்பளத்தை ஏற்காதது. அதுவும் வருமான வரிக்கு மட்டும்தான். டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது சரியா என்பது தனிக் கேள்வி. 140 பேர் கம்பெனியின் எச்.ஆர். இதை ஒவ்வொரு நாட்டுக்கும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

வகை என்பதில், பட்டியலில் உள்ள வாராந்தர நாள்கள் மட்டுமே இந்தப் பாலிசிக்குள் வரும் என்று சொல்லுங்கள். காய்ச்சலடிக்கிறது, வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்பதை விடுமுறை விதிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஆட்கள் உடம்பு முடியாத நாளிலும் லாகின் செய்து விடுப்பைச் சேர்த்துவைப்பார்கள். வெள்ளம், புயல் மாதிரிக் காரணங்களால் அலுவலகமே மூடும் நாள்களுக்கும் தனிப் பத்தி வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை நிறுவனங்கள் பல அப்படித்தான் இருக்க வேண்டியிருந்தது. நிர்வாகம் அறிவிக்கும் அத்தகைய நாள்கள் யாருடைய வாராந்தரக் கணக்கிலும் சேராது, எக்ஸப்ஷனாகவும் பதியப்படாது என்று எழுதாவிட்டால், ஒரு மழை வாரத்தில் உங்கள் எக்ஸப்ஷன் எண்ணிக்கை 140 ஆகி, ரெஜிஸ்டரே அர்த்தமற்றுப் போகும்.

வீட்டுத் தகுதியில் இன்டர்நெட் வேகத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். டவுன்லோடு வேகம் எல்லார் வீட்டிலும் இன்று போதுமானதுதான், வி.பி.என். போட்ட நிலையில் வீடியோ கால் தொடர்ந்து அரைமணி நேரம் ஓடுகிறதா என்பதைச் சோதனையாக வையுங்கள், அப்லோடு எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும். கரன்ட் அதைவிட முக்கியம். நம் ஊரில் மாதாந்தரப் பராமரிப்புக்காக மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துக் காலையிலிருந்து பிற்பகல்வரை மின்சாரத்தை நிறுத்துகிறது. லேப்டாப் பேட்டரி தாங்கலாம், ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லாவிட்டால் பயனில்லை. அப்பார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: தன் வீட்டு ரவுட்டர் ஓடினாலும், கட்டடத்தின் கீழே உள்ள ஃபைபர் பெட்டிக்கு பேக்கப் இல்லாமல் இருக்கும். “அறிவிக்கப்பட்ட மின்தடை நாளில், ஷிஃப்ட் முழுவதும் இணைப்பு நிற்காது என்று ஒருமுறை நிரூபித்தவர் தவிர மற்றவர்கள் அலுவலகம் வர வேண்டும்” என்பது சண்டை வராத வரி. வந்த நாளுக்கு ஈடாக அதே வாரத்தில் வேறொரு நாளை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. கோவையில் அப்படிப்பட்ட வளாகங்கள் இருப்பதால் கேட்கிறேன். இருந்தால், 2006-ஆம் ஆண்டின் சி.பொ.ம. விதிகளில் 2022 ஜூலையில் சேர்க்கப்பட்ட 43ஏ விதி உங்களைக் கட்டும். வீட்டிலிருந்து வேலைக்கு அனுமதி, முதலில் மொத்தப் பணியாளரில் பாதிப் பேர்வரை என்று வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் எல்லாருக்கும் என்று தளர்த்தி, கெடுதேதி ஒன்றும் வைத்தார்கள். அந்தக் கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. வளர்ச்சி ஆணையருக்குத் தெரிவிப்பது, வெளியே போகும் லேப்டாப்களுக்குக் கணக்கு வைப்பது, வீட்டிலிருந்து பணியாளர் செய்த வேலையின் ஏற்றுமதி வருவாய் அதே யூனிட் கணக்கில் வருவது ஆகியவை உங்கள் பொறுப்பு. பாலிசியில் சதவீதத்தை எழுதாதீர்கள். “அப்போது நடப்பிலுள்ள 43ஏ விதியின் வரம்புக்கு உட்பட்டு” என்று எழுதி, விதியின் கெடுதேதியை மறுஆய்வுத் தேதியோடு இணைத்துவிடுங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

எக்ஸப்ஷனுக்கு வருவோம். பெரும்பாலான பாலிசிகள் உடைவது இங்கேதான்.

சட்டம் தரும் ஏற்பாடுகளை எக்ஸப்ஷன் தலைப்பின் கீழ் போடாதீர்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகு இருவரும் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கும் நிபந்தனைக்கும் வீட்டிலிருந்து வேலை தரலாம் என்றது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே ஏற்பாடு இருக்கிறது. கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. கேட்டால் பரிசீலித்து எழுத்தில் பதில் சொல்லும் வழி உங்களிடம் இருக்க வேண்டும். அதேபோல் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது. இந்த இரண்டு வகைக் கோரிக்கைகளுக்கும் ஸ்கோப்பிலேயே தனிப் பத்தி கொடுத்து, பட்டியலில் உள்ள நாள் எண்ணிக்கை இவர்களுக்குத் தடையாக இருக்காது என்று எழுதுங்கள். எக்ஸப்ஷனில் போட்டால், கீழே சொல்லப்போகும் 90 நாள் கெடு இவர்கள் மேலும் தானாக விழும். சக்கர நாற்காலியில் வருபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனுப்போட வேண்டிய நிலை அப்படித்தான் உருவாகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை.

மீதியுள்ளவை இரண்டு திசையில் வரும். பட்டியலில் உள்ளதைவிடக் கூடுதல் நாள் கேட்பது ஒன்று. பட்டியலில் உள்ள நாளைக்கூட மேனேஜர் தர மறுப்பது இன்னொன்று. இரண்டாவதையும் எக்ஸப்ஷனாகவே நடத்துங்கள்: அதற்கும் காரணம், கெடு, பதிவு எல்லாம் வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் காகிதத்தில் மூன்று நாள், நடப்பில் “எங்க டீம்ல அதெல்லாம் கிடையாது” என்ற நிலை.

நடைமுறையை இப்படி வையுங்கள். கேட்பவர் மெயிலில் கேட்கிறார். மேனேஜரும் எச்.ஆரும் சேர்ந்து 7 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும். மேனேஜர் மட்டும் என்றால் ஆளுக்கொரு நீதி, எச்.ஆர். மட்டும் என்றால் வேலை எப்படி நடக்கும் என்று தெரியாமல் ஒப்புதல். ஏழு நாளில் பதில் இல்லாவிட்டால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ளலாம் என்று சிலர் எழுதுவார்கள். அது வேண்டாம்; மேனேஜர் லீவில் இருந்த வாரத்தில் கஸ்டமர் ஒப்பந்தத்தை மீறிய ஒப்புதல் தானாக விழுந்துவிடும். எட்டாம் நாள் கோரிக்கை எச்.ஆர். தலைவரிடம் போகும் என்று வையுங்கள். ஒரு எக்ஸப்ஷன் அதிகபட்சம் 90 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம், அதற்குமேல் தேவைப்பட்டால் அது எக்ஸப்ஷன் இல்லை, வேலைப் பட்டியலில் எண் தப்பு அல்லது அந்த ஆளின் வேலையே மாறிவிட்டது என்று பொருள். கெடு முடிந்ததும் யாரும் கடிதம் கொடுக்காமலே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு கற்பனைக் கோரிக்கையை வைத்துப் பார்ப்போம். மொபைல் ஆப் டெஸ்டர் ஒருவர். பட்டியலில் அவர் வேலைக்கு வாரம் 2 நாள். காரணம், சோதனைக்கான ஆறு ஃபோன்களும் லேபில் இருக்கின்றன. அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை, பாளையங்கோட்டையிலிருந்து ஆறு வாரம் முழுவதும் வேலை செய்ய அனுமதி கேட்கிறார். மாநிலத்துக்குள்தான், ஆகவே வரிப் பிரச்சினை இல்லை. அவர் டீமின் கஸ்டமர் ஒப்பந்தத்தில் இடத்தடை இல்லை என்று பட்டியலிலேயே தெரிகிறது. ஆறு வாரமும் தேவையா என்று குறைத்துப் பேரம் பேசுவதற்கு முன், தடையாக இருப்பது எது என்று பாருங்கள்: ஃபோன்கள். ஆறில் அதிகம் பயன்படும் இரண்டை அசெட் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடலாம். மற்ற நான்கில் ஓட்ட வேண்டிய சோதனைகளை லேபில் இருக்கும் சக டெஸ்டர் பார்க்க வேண்டும். ஆகவே அந்தச் சக டெஸ்டரின் ஒப்புதலும் முடிவில் சேர வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒருவருக்குச் செய்த உதவியின் சுமை இன்னொருவர் தலையில் சத்தமில்லாமல் ஏறும்.

முடிவு: 42 நாள், முழுநேரம் வெளியிலிருந்து. 21-ஆம் நாள் ஒரு சோதனை: லேபில் நான்கு ஃபோன்களுக்கான வேலை தேங்கியிருக்கிறதா? தேங்கியிருந்தால் மீதி வேலையைப் பிரித்துக் கொடுப்பது மேனேஜர் பொறுப்பு, அனுமதி ரத்தாகாது. ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: பெயர், வேலை, பட்டியலில் உள்ள நாள், கொடுத்த நாள், தொடக்கம், முடிவு, நிபந்தனை, ஒப்புதல் கொடுத்த இருவர். காரணம் என்ற இடத்தில் “குடும்ப மருத்துவம், ஆவணம் பார்க்கப்பட்டது” என்று நிறுத்துங்கள். நோயின் பெயர் வேண்டாம், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலும் வேண்டாம். அந்த ரெஜிஸ்டரை நாளைக்கு மேனேஜர்கள், ஆடிட்டர்கள் எல்லாரும் திறப்பார்கள்.

இதே ஆள் 43-ஆம் நாளும் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வராதது எக்ஸப்ஷன் பிரச்சினை அல்ல, அது வருகைப் பிரச்சினை. வழக்கமான விடுப்பு விதியில் பாருங்கள். பாலிசிக்குள் தண்டனைப் பத்தி எழுத ஆரம்பித்தால் அது முடிவே இல்லாமல் நீளும்.

இந்த இடத்தில் பணியிடம் குறித்த இரண்டு வரி மறக்காதீர்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடம் என்பதை அலுவலகத்தோடு நிறுத்தவில்லை. வேலை தொடர்பாகச் செல்லும் இடங்களையும் குடியிருப்பையும் சேர்த்துத்தான் வரையறுக்கிறது. வீடியோ கால், சாட், இரவு மெசேஜ் குறித்த புகாரும் உள்ளகக் குழுவிடம் வரலாம் என்று ஸ்கோப்பில் சொல்லிவிடுங்கள். “வீட்டில் நடந்தது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை” என்ற வாதத்தை முன்கூட்டியே அடைத்துவிடும்.

மறுஆய்வுத் தேதி. “இக்கொள்கை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்படும்” என்பது தேதியே அல்ல. தலைப்புப் பக்கத்தில் நான்கு வரி வேண்டும்: பதிப்பு எண், நடைமுறைக்கு வந்த நாள், அடுத்த மறுஆய்வு நாள், பொறுப்பாளரின் பதவி. பதவிதான், பெயர் அல்ல. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் பாலிசிக்குச் சொந்தக்காரர் இருக்க வேண்டும்.

எந்தத் தேதி? மார்ச், ஏப்ரல் வேண்டாம், அப்ரைசலும் ஆண்டுக்கணக்கும் ஒன்றாக நெருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமும் வேண்டாம். ஜூலை நடுப்பகுதி பொருத்தமாக இருக்கும்: நெருக்கடி குறைவு, மழைக்கு முன் மாற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவரவும் நேரம் இருக்கும். முதல் பதிப்புக்கு மட்டும் ஆண்டு முழுவதும் காத்திராமல் ஆறு மாதத்தில் ஒரு தேதி வையுங்கள், பட்டியலில் உள்ள எண்களில் நிச்சயம் இரண்டு மூன்று தப்பாக இருக்கும். மண்டலத்துக்குள் இருப்பவர்கள் 43ஏ கெடு முடிவதற்கு 60 நாளுக்கு முந்தைய தேதியையும், ஜூலைத் தேதியையும் ஒப்பிட்டு, எது முன்னால் வருகிறதோ அதை எழுத வேண்டும்.

தேதிக்கு முன்பே மறுஆய்வைக் கட்டாயமாக்கும் நிகழ்வுகளையும் எழுதலாம், மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். அலுவலகம் இடம் மாறுவது, கஸ்டமர் ஆடிட்டில் வேலையிடம் குறித்துக் குறை எழுதப்படுவது, சம்பந்தப்பட்ட சட்டம் மாறுவது. நான்காவதாக, எது இல்லாவிட்டாலும் இதை வையுங்கள்: ஒரே வேலை வகையில் ஒரே காலாண்டில் பத்தில் ஒருவருக்கு மேல் எக்ஸப்ஷனில் இருந்தால், அந்த வேலையின் எண்ணை மட்டும் உடனே மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பேரே உள்ள வேலைக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. அங்கே இரண்டாவது எக்ஸப்ஷன் வந்ததும் பாருங்கள்.

தேதி வந்து, யாரும் பார்க்காமல் போய்விட்டால்? இதற்கு விடை எழுதாத பாலிசிகள்தான் ஐந்து வருடம் தூசி படிந்து கிடக்கின்றன. பாலிசி தானாகக் காலாவதி ஆகும் என்று எழுதினால் ஒரு திங்கட்கிழமை காலையில் யாருக்கும் தகுதி இல்லாமல் போகும். அப்படியே தொடரும் என்று எழுதினால் தேதிக்கே அர்த்தமில்லை. இடையில் ஒரு வழி இருக்கிறது: “மறுஆய்வு நாள் கடந்தால், வேலைப் பட்டியலும் ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளும் அவற்றின் கெடுவரை தொடரும், மறுஆய்வு முடியும்வரை புதிய எக்ஸப்ஷன் எதுவும் வழங்கப்படாது.” மகப்பேறு, மாற்றுத்திறன் கோரிக்கைகளை இது தொடாது, அவை ஸ்கோப்பில் இருப்பதால். எக்ஸப்ஷன் கிடைக்காத மேனேஜர்கள் இரண்டே வாரத்தில் பொறுப்பாளரைப் பிடித்து உலுக்குவார்கள். நினைவூட்டல் மெயிலால் நடக்காத மறுஆய்வு அப்போது நடந்துவிடும்.

மறுஆய்வில் எண்ணைக் குறைக்கும் முடிவு வந்தால் அவசரப்படாதீர்கள். தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு, தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களின் பணி நிபந்தனையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்புக் கேட்டது. வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையைத் திரும்பப் பெறுவதும் அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் இதே ஏற்பாடு 40-ஆம் பிரிவாக இருக்கிறது. உங்கள் பணியாளரில் யார் அந்த வரையறைக்குள் வருவார் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, குறைப்பு எதுவானாலும் எல்லாருக்கும் 30 நாள் முன்னறிவிப்பு என்று பாலிசியிலேயே எழுதிவிடுவது மலிவு. பஸ் பாஸ் எடுக்க, வாடகை வீடு பார்க்க, குழந்தையைக் காப்பகத்தில் விட ஏற்பாடு செய்ய ஆட்களுக்கு அவ்வளவு நாள் எப்படியும் தேவை.

கடைசியாக, ஆஃபர் லெட்டர்களை எடுத்துப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் சேர்ந்தவர்களின் லெட்டரில் பணியிடம் என்ற இடத்தில் “வீட்டிலிருந்து” என்றே அச்சாகியிருக்கலாம். அவர்களுக்கு இந்தப் பாலிசி அப்படியே பொருந்தாது. ஒவ்வொருவரிடமும் திருத்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், வாங்கும்வரை அவர்கள் பெயரைத் தனியாக எழுதி வையுங்கள். புதிய லெட்டர்களில் பணியிடம் “கோவை அலுவலகம், வெளியிலிருந்து வேலை அப்போது நடப்பிலுள்ள கொள்கைப்படி” என்று இருக்கட்டும். நாள் எண்ணிக்கையை ஆஃபர் லெட்டரில் எழுதவே எழுதாதீர்கள், இன்டர்வியூவில் மேனேஜர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தாலும்கூட. அதற்காகவே ஆட்சேர்ப்பு டீமுக்கு அந்த வேலைப் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.